புதுக் கம்பி ஏன் சுருதியில் நிற்பதில்லை?

போன மார்கழியில் மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கிற்றாரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு என்னிடம் வந்தான். அன்றிரவு அவர்களுடைய பங்கில் நத்தார் கரோல். காலையில்தான் ஆறு கம்பியும் புதிதாக மாட்டியிருக்கிறான்.

"அண்ணை, கடைக்காரன் போலிக் கம்பியைத் தந்து ஏமாத்திப்போட்டான். ரியூன் பண்ணி ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள இறங்குது. திரும்ப ஏத்தினா திரும்ப இறங்குது."

நான் கம்பியைப் பார்க்கவில்லை. கிற்றாரின் தலையைத்தான் பார்த்தேன். இரண்டாம் கம்பி கீயின் தண்டில் ஒன்பது சுற்று, நூல்கட்டை மாதிரி ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. ஆக மெல்லிய முதலாம் கம்பிக்கு மாறாக ஒரு சுற்றுத்தான், அதுவும் முழுதாக இல்லை. கீழே பிரிட்ஜில் மூன்றாம் கம்பியின் பின் மற்றப் பின்களைவிட ஒரு நெல்மணி உயரம் மேலே எழும்பி நின்றது. கடைக்காரன் பாவம், அவன்மேல் பிழை இல்லை.

கிற்றார் வாங்கி முதல் தடவை கம்பி மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் மாட்டும் முறையைச் சொல்ல முன்னம், கம்பி ஏன் இறங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் மாட்டும்போது எதைக் கவனிக்கவேண்டும் என்பது தானாக வரும்.

அரை மில்லிமீற்றர்

"புதுக் கம்பி நீளும், அதுதான் இறங்குது" என்று சொல்லுவார்கள். நைலோன் கம்பிக்கு அது சரி. எஃகுக் கம்பிக்கு அது பெரும்பாலும் சரியில்லை. கிற்றாருக்கென்று இழுக்கும் எஃகு நல்ல வலிமையானது. சரியான சுருதியில் அதன்மேல் இருக்கும் இழுவை அது நிரந்தரமாக நீளும் எல்லைக்குக் கீழேதான் நிற்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும், றப்பர் மாதிரி. ஆனால் நீளும் அளவுதான் நம்பமுடியாத அளவுக்குச் சிறியது.

கழுத்தின் மேல் நுனியில் கம்பிகள் பள்ளத்தில் கிடக்கும் துண்டுதான் நட். அந்த நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் சாதாரணக் கிற்றாரில் 65 சென்ரிமீற்றர் அளவு. முதலாம் கம்பியைத் தொய்வில்லாமல் நேராக்கிப் பிடித்து, அங்கிருந்து சரியான சுருதிக்கு ஏற்றும்போது அது நீளுவது 4.5 மில்லிமீற்றர் அளவுதான். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. அந்தச் சத்தம் முழுவதும் இந்த நெல்மணிக்குள்தான் இருக்கிறது. இதில் அரை மில்லிமீற்றர் எங்கேயாவது நழுவிப்போனால் சுருதி ஒரு பிரெட் இறங்கிவிடும். இரண்டாம் கம்பி இன்னும் மோசம். அது நீளுவதே 2.5 மில்லிமீற்றரை ஒட்டித்தான் என்பதால் 0.3 மில்லிமீற்றர் நழுவினாலே ஒரு பிரெட் போய்விடும். கிற்றாரில் எப்போதும் தொல்லை தருவது இரண்டாம் கம்பி என்று பழைய ஆட்கள் முறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கம்பி மெல்லிதா தடிப்பா என்பது இந்தக் கணக்கில் வராது. வெறும் எஃகு, அதே நீளம், அதே சுருதி என்றால் நீட்சியும் அதேதான். ஆகவே விலை கூடின செற் வாங்கினால் இறங்காது என்று நினைக்கவேண்டாம்.

இனி, அந்த அரை மில்லிமீற்றர் எங்கே நழுவும்? மூன்று இடம். ஒன்று, கீயின் தண்டில் சுற்றிய சுற்றுகள். ஒரு சுற்றில் 19 மில்லிமீற்றர் கம்பி இருக்கிறது. தம்பியின் ஒன்பது சுற்றில் 17 சென்ரிமீற்றர் கம்பி சுருண்டு கிடந்தது. அதில் தலைமயிர் அளவு தொய்வு அங்கொன்று இங்கொன்றாக இறுகினாலே கணக்கு முடிந்தது. இரண்டு, கம்பியின் அடிக்குண்டு பிரிட்ஜுக்குள் சரியாக உட்காராமல் இருப்பது. மூன்று, நட்டிலும், பிரிட்ஜின்மேல் கம்பியைத் தாங்கி நிற்கும் சடிலிலும் கம்பி வளைகிற மூலை. புதுக் கம்பி விறைப்பானது. மூலையில் மடியாமல் கொஞ்சம் வில் மாதிரி வளைந்துதான் போகும். வாசிக்க வாசிக்க அந்த வளைவு அமுங்கி மூலை கூராகும், அங்கே மிச்சமான கம்பி தொய்வாக வெளியே வரும். சுற்றுக்கம்பிகளில், அதாவது வெண்கலக் கம்பி சுற்றிய தடித்தவற்றில், மேலே சுற்றியதும் உள்கம்பியோடு கொஞ்சம் அமர்ந்துகொள்ளும்.

கம்பியை இழுத்துப் பழக்குவது என்று சொல்வது இந்தத் தொய்வுகளைக் கையால் ஒரேயடியாக வெளியே எடுப்பதைத்தான்.

எந்தக் கம்பி வாங்குவது

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. செற்றை முதலாம் கம்பியின் பருமனைச் சொல்லித்தான் கேட்பது: பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பத்து என்றால் 0.010 அங்குலம். விரல் இன்னும் தடிக்காதவர்களுக்குப் பத்து காணும். அதுவே ஆறு கம்பியும் சேர்ந்து 60 கிலோ அளவில் இழுக்கும், ஒரு சிமெந்து மூட்டையைவிடக் கூட. முதல் என்ன செற் இருந்ததோ அதே செற்றைப் போட்டால் கழுத்தின் வளைவும் மாறாது.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். பழைய கம்பியில் மெல்லிய மூன்றும் பிளாஸ்ரிக் மாதிரி இருந்து பிரிட்ஜில் முடிச்சுப் போட்டிருந்தால் அது நைலோன் கிற்றார். அதற்கு எஃகுக் கம்பி போடக்கூடாது. அந்த இழுவைக்கு அந்தக் கிற்றார் செய்யப்படவில்லை, பிரிட்ஜ் கிளம்பிவிடும்.

பழையதைக் கழற்றுவது

புதிதாகச் செய்கிறவர்கள் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, பிறகு அடுத்தது. ஆறையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து கெட்டுப்போகும் என்பது வெறும் பயம். விரல்பலகையைத் துடைக்கவேண்டுமென்றால் தாராளமாகக் கழற்றலாம். நான் ஒவ்வொன்றாக என்று சொல்வதற்குக் காரணம் வேறு: பக்கத்துக் கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது, எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துச் செய்ய ஒரு மாதிரி கண்முன்னே இருக்கும்.

இறுக்கமாக இருக்கும் கம்பியை வெட்டவேண்டாம். முகத்துக்கு அடிக்கும். கீயைத் திருப்பி, கம்பி தொங்கும் அளவுக்குத் தளர்த்திய பிறகு வெட்டலாம், அல்லது அப்படியே சுற்றைக் கழற்றலாம்.

பின்னைக் கழற்றத்தான் பலர் குறடு தேடுகிறார்கள். குறடு பிடித்தால் பின்னின் தலை உடையும். முதலில் கம்பியைப் பிரிட்ஜுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். உள்ளே சிக்கியிருக்கும் குண்டு விலகும், பின் தானாக இளகும். அப்படியும் வராவிட்டால் கிற்றாரின் வாயால் கையை விட்டு, ஒரு சில்லறைக் காசின் விளிம்பால் பின்னின் அடியை உள்ளிருந்து மேலே தள்ளினால் வந்துவிடும். சில கிற்றார்களில் பின்னே இருக்காது, பிரிட்ஜின் பின்பக்க ஓட்டையால் கம்பியைக் கோர்ப்பது. அவர்களுக்கு இந்த வேலை மிச்சம்.

குண்டை உட்கார வைப்பது

புதுக் கம்பியின் அடியில் ஒரு சிறிய பித்தளைக் குண்டு இருக்கும். அது பின்னின் நுனியில் போய் நிற்கக்கூடாது. பிரிட்ஜின் உள்ளே இருக்கும் பலகையின் அடிப்பக்கத்தில், பின்னுக்குப் பக்கத்தில் கொளுவி நிற்கவேண்டும். பின்னின் நுனியில் நின்றால் கம்பி இறுக இறுக அது பின்னையும் சேர்த்து மேலே தள்ளும், அல்லது இறுகிய பிறகு திடீரென வழுக்கி உரிய இடத்துக்குப் போகும். தம்பியின் மூன்றாம் கம்பிக்கு நடந்தது அதுதான்.

குண்டுக்குச் சற்று மேலே கம்பியை விரலால் கொஞ்சம் வளையுங்கள். ஓட்டைக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் விட்டு, பின்னின் பள்ளம் கிற்றாரின் தலையைப் பார்த்தபடி செருகுங்கள். இப்போது ஒரு கையின் பெருவிரலால் பின்னைக் கீழே அமத்திக்கொண்டு, மற்றக் கையால் கம்பியை மேலே இழுங்கள். குண்டு பலகையில் தட்டி நிற்பது கைக்குத் தெரியும். அதற்குமேல் இழுத்தாலும் பின் அசையக்கூடாது. சந்தேகமென்றால் போனின் ரோர்ச்சைப் போட்டு, கமராவைக் கிற்றாரின் வாய்க்குள் விட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஆறு குண்டும் ஒரே வரிசையில் பலகையோடு ஒட்டி நிற்கவேண்டும். ஒன்று மட்டும் தள்ளித் தொங்கினால் அதைத் திரும்பச் செய்யவேண்டும்.

தண்டில் சுற்றுவது

சுற்று குறைந்தால் வழுக்கும், கூடினால் தொய்வு ஒளிந்திருக்கும். தடித்த கம்பிகளுக்கு இரண்டரைச் சுற்று, மெல்லிய கம்பிகளுக்கு மூன்றிலிருந்து நாலு. இதை எண்ணிக்கொண்டிருக்காமல் விரலால் அளக்கலாம். கம்பியை அதன் தண்டு வரை நேராக இழுத்துப் பிடியுங்கள். தண்டுக்கு அப்பால் தடித்த கம்பிக்கு மூன்று விரல் அகலம், மெல்லியதற்கு நாலு விரல் அகலம் விட்டு, அந்த இடத்தில் கம்பியைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிடித்த இடம் தண்டின் ஓட்டையில் வரும்வரை கம்பியைப் பின்னுக்கு விட்டு ஓட்டைக்குள் கோருங்கள். மூன்று விரல் என்பது ஐந்து சென்ரிமீற்றர் அளவு. ஒரு சுற்றுக்கு 19 மில்லிமீற்றர் என்று பார்த்தால் இரண்டரைச் சுற்றுக்குக் கணக்குச் சரியாக வரும்.

பக்கம் மாறாமல் பாருங்கள். மூன்றும் மூன்றுமாகக் கீ இருக்கும் தலையில், கம்பிகள் தண்டுகளின் உள்பக்கமாகப் போகவேண்டும். தடித்த கம்பிப் பக்கத்துத் தண்டுகள் முன்னிருந்து பார்க்க மணிக்கூட்டுக்கு எதிராகச் சுற்றும், மெல்லிய பக்கத்துத் தண்டுகள் மணிக்கூட்டின்படி சுற்றும்.

சுற்றத் தொடங்கும்போது முதல் சுற்றை, ஓட்டையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலுக்கு மேலால் விடுங்கள். அடுத்த சுற்றுகள் எல்லாம் வாலுக்குக் கீழால், ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கவேண்டும். இப்படிச் செய்தால் வால் இரண்டு சுற்றுக்கு இடையில் நசுங்கி நிற்கும், வழுக்காது. ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறக்கூடாது. ஏறினால் அடியில் கிடப்பது பிறகு மெதுவாக விலகி இடம் கொடுக்கும், ஒவ்வொரு விலகலும் சுருதியில் ஒரு இறக்கம்.

இதற்கு முக்கியம், சுற்றும் நேரம் முழுவதும் கம்பி தொய்யாமல் இருப்பது. வலது கையால் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சுட்டுவிரலால் அதை நட்டின் பள்ளத்தில் அமத்திப் பிடியுங்கள், இடது கையால் கீயைத் திருப்புங்கள். தண்டு ஒரு சுற்றுச் சுற்றக் கீயைப் பதினாலு தரமோ பதினெட்டுத் தரமோ திருப்பவேண்டும், கிற்றாரைப் பொறுத்தது. நாலு சுற்றென்றால் கை உளையும். கம்பி சுற்றும் கைப்பிடி ஒன்று மலிவாகக் கிடைக்கும். வாங்கி வைத்தால் நல்லது.

வாலை இப்போதே வெட்டவேண்டாம். சுருதிக்கு ஏற்றிய பிறகு, ஓட்டை வாசலில் செங்குத்தாக மடித்து, மூன்று நாலு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். சுற்றுக்கம்பியை மடிக்காமல் வெட்டினால் உள்கம்பி உள்ளே வழுக்கி, அந்தக் கம்பி நாளடைவில் செத்த சத்தம் போடும்.

சுருதிக்கு ஏற்றுவது

போனில் ஒரு ரியூனர் இருந்தால் போதும். தடித்த கம்பியிலிருந்து E, A, D, G, B, E. புதியவர்கள் மெல்லிய கம்பியை அறுப்பது இந்த இடத்தில்தான். பல ரியூனர்கள் எழுத்தை மட்டும்தான் காட்டும், சத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டா. E வந்து தாண்டிப்போனது தெரியாமல், அடுத்த E வரட்டும் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அது வராது, கம்பிதான் போகும். இரண்டாம் கம்பியை முதலில் சரிசெய்து, அதை ஐந்தாம் பிரெட்டில் அமத்தி மீட்டுங்கள். முதலாம் கம்பி வெறுமனே அந்தச் சத்தத்தைத் தரவேண்டும். அதற்கு மேலே ஏற்ற ஒன்றுமில்லை.

ஆறையும் ஒரு தரம் ஏற்றி முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் முதல் ஏற்றியவை இறங்கியிருக்கும். மற்றக் கம்பிகளின் இழுவையில் கழுத்தும் பலகையும் கொஞ்சம் முன்னுக்கு வளைந்ததால் வந்த இறக்கம் அது. இரண்டு மூன்று சுற்று வந்தால் அடங்கும். இன்னொன்று: எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்தவேண்டும். சுருதி தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி, திரும்ப ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயின் பற்களுக்கு இடையில் இருக்கும் தளர்வு அப்படியே நிற்கும், இரண்டு தரம் மீட்டினவுடன் கம்பி அதையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

இழுத்துப் பழக்குவது

தம்பியின் இரண்டாம் கம்பியைக் கழற்றி, மூன்றரைச் சுற்றோடு திரும்ப மாட்டினேன். B சரியாக வந்தது. "இப்ப பார்" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேரே விரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, பலகையிலிருந்து நேர்மேலாக ஒன்றரைச் சென்ரிமீற்றர் தூக்கி, இரண்டு விநாடி வைத்து, மெதுவாக விட்டேன். திரும்ப மீட்டினால் ரியூனரில் 60 சென்ட் கீழே. ஒரு பிரெட்டுக்கு 100 சென்ட். அதாவது அரைப் பிரெட்டுக்குமேல் ஒரே இழுவையில் வெளியே வந்துவிட்டது. தம்பி, "பாத்தீங்களோ, கம்பி பழுது" என்றான்.

திரும்ப B-க்கு ஏற்றினோம். இந்த முறை ஐந்தாம் பிரெட், பன்னிரண்டாம் பிரெட், கிற்றாரின் வாய்க்கு மேல் என்று மூன்று இடத்தில் தூக்கினோம். 25 சென்ட் இறங்கியது. மூன்றாம் முறை 8. நாலாம் முறை முள் சற்று நடுங்கியதே தவிர அசையவில்லை. அத்தோடு நிறுத்தினோம். இழுத்தும் இறங்காத நிலை வந்துவிட்டால் அந்தக் கம்பியின் வேலை முடிந்தது. அதற்குமேல் இழுப்பது கம்பிக்குக் கேடு.

தூக்கும் அளவைப் பற்றி ஒரு சொல். ஒரு சென்ரிமீற்றர் தூக்கினால் கம்பியின் நீளம் 0.3 மில்லிமீற்றர் கூடும். இரண்டு சென்ரிமீற்றர் தூக்கினால் கூடுவது அதன் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. முதலாம் கம்பியில் அது கால்வாசிக்கு மேல் கூடுதல் இழுவை. ஆகவே முதலாம் கம்பிக்கு ஒன்று, ஒன்றரையோடு நிறுத்துங்கள், மற்றவற்றுக்கு இரண்டு வரை போகலாம். வெடுக்கென்று இழுக்கவேண்டாம், பக்கவாட்டிலும் இழுக்கவேண்டாம்.

மூலைகளுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. சடிலுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பெருவிரலால் கம்பியைக் கீழே மெதுவாக அமத்துங்கள், சடிலில் கம்பி கூராக மடியும். அதேபோல் நட்டுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள துண்டையும் ஒருமுறை அமத்துங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஆனால் முதல் நாள் சரியாக நின்ற கம்பி மூன்றாம் நாள் இறங்குவது அநேகமாக இந்த மூலைகளால்தான்.

ஆறு கம்பிக்கும் சேர்த்து இருபது நிமிடம் செல்லும். அடுத்த நாள் காலையில் ஒருமுறை சின்னத் திருத்தம் இருக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பாட்டுக்கும் ரியூன் பண்ணவேண்டியிருந்தால் அது புதுக் கம்பியின் குணம் இல்லை, எங்கோ ஒரு பிழை.

பிழையைக் கண்டுபிடிப்பது

ஒரு மார்க்கர் பேனை போதும். கம்பி தண்டை விட்டு நட்டை நோக்கி வெளிக்கிடும் இடத்தில் ஒரு புள்ளி. வால் ஓட்டையிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு புள்ளி. அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு, சுருதி இறங்கியதும் கீயைத் தொடாமல் பாருங்கள். வால் புள்ளி ஓட்டைக்குள் போயிருந்தால் கம்பி வழுக்குகிறது, சுற்று போதாது. வால் அப்படியே இருக்க, மற்றப் புள்ளி நட்டுப் பக்கமாக நகர்ந்திருந்தால் சுற்றுகள் இறுகிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் அசையவில்லை என்றால் பின்னைப் பாருங்கள், உயர்ந்திருக்கும். அரை மில்லிமீற்றரைக் கண்ணால் பிடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். புள்ளியைக் கூராக வைத்து முன்னும் பின்னும் போனில் கிட்டப் படம் எடுத்து ஒப்பிட்டால் பிடிக்கலாம்.

எதுவும் அசையவில்லை, ஆனால் கீயைத் திருப்பும்போது முள் நகராமல் நின்று, பிறகு "டிக்" என்று ஒரு சத்தத்தோடு தாவுகிறதா? அப்போது கம்பி நட்டின் பள்ளத்தில் இறுகுகிறது. பருமன் கூடிய செற் போட்டவர்களுக்கு இது வரும். கம்பியை விலக்கி, பென்சில் கூரால் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். காரீயம் வழுக்கிக் கொடுக்கும். அதற்கும் மசியாவிட்டால் பள்ளத்தை அராவவேண்டும். அதை வீட்டில் முயலவேண்டாம், ஆழம் கூடினால் நட்டையே மாற்றவேண்டி வரும்.

ஆறு கம்பியும் சேர்ந்து இறங்குகிறதென்றால் கம்பியைக் குறை சொல்லவேண்டாம், வெயிலைப் பாருங்கள். வன்னியில் ஆடி ஆவணியில் தகரக் கூரைக்குக் கீழே, அல்லது நிறுத்தி வைத்த வானுக்குள் கிற்றார் எவ்வளவு சுடும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பி உடனே சூடாகும், மரம் ஆறுதலாகத்தான் சூடாகும். கம்பி பத்துப் பாகை சூடாகி மரம் இன்னும் அப்படியே இருக்கும் நேரத்தில் இரண்டாம் கம்பி கால் பிரெட் அளவு இறங்கும். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வானில் கிற்றாரோடு போகிறவர்கள், இறங்கியவுடன் ரியூன் பண்ணாமல் கால் மணித்தியாலம் மர நிழலில் வைத்துவிட்டுப் பண்ணுங்கள். மாரியில் இது மறுபக்கம். மழைக்கு மரம் ஈரத்தை இழுத்து ஊதும், முன்பலகை எழும்பும், கம்பிகள் எல்லாம் கொஞ்சம் ஏறிநிற்கும். அதனால்தான் தம்பி மார்கழி மழையில் இறங்குது என்று வந்தபோது, காலநிலை இல்லை, மாட்டின விதம்தான் என்று பார்க்க முன்னமே தெரிந்தது.

நைலோன் கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன இருபது நிமிடக் கணக்கு செல்லாது. நைலோன் உண்மையாகவே நீண்டுகொண்டு போகும். முடிச்சும் இறுகும். நாளுக்கு நாலைந்து தரம் ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரு கிழமை அளவில் நிற்கும். அதை எஃகு மாதிரி இழுத்துப் பழக்கினாலும் நாட்கள் கொஞ்சம்தான் குறையும்.

தம்பி அன்றிரவு கரோலுக்குப் போய், அடுத்த நாள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தான். இருபது வீடு ஏறி இறங்கியும் இரண்டு தரம்தான் ரியூன் பண்ணினானாம். முதலாம் கம்பியை மட்டும் நேரமில்லை என்று அந்த ஒரு சுற்றோடு, வாலை மடித்துக் கொளுவிவிட்டு அனுப்பியிருந்தேன். இறங்கியது அதுதான், இரண்டு தரமும். நாள் பார்த்து மாற்ற முடிந்தவர்கள், பாட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னம் மாற்றுங்கள்.

வெட்டின வால்களை முற்றத்தில் போடவேண்டாம். ஊசி மாதிரிக் கூர், வெறுங்காலில் ஏறினால் உள்ளேயே முறியும். கோழி மின்னுவதைக் கண்டால் கொத்திவிடும். எல்லாவற்றையும் பொறுக்கி, ஒரு துண்டு ரேப்பில் ஒட்டி மடித்து, கம்பி வந்த கடதாசி உறைக்குள்ளேயே போட்டு எறியுங்கள். பழைய முதலாம் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால் அதை மட்டும் சுருட்டிக் கிற்றார்ப் பைக்குள் வையுங்கள். வழியில் அறுந்தால் கடை தேடிப் பரந்தன் சந்திக்கு ஓடவேண்டியிராது. அது ஏற்கெனவே பழகின கம்பி என்பதால் மாட்டின உடனேயே ஓரளவு நிற்கும். ஆனால் அதே கிற்றாரில்தான், பழைய மடிப்பு நட்டிலும் சடிலிலும் அதே இடத்தில் வரும்படி மாட்டவேண்டும். மடிப்பு நடுவில் வந்தால் அந்த இடத்திலேயே அறும்.